தேயிலை மலை எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். நம்பர் பிளேட்டைப் பாருங்க!

மழைக்காலம் வந்தா போதும், நம்ம காந்தலூர், மறையூர்க்காரங்க வாட்ஸ்அப்புல மண்சரிவுப் படம் வந்து குவியும். "மூணாறு ரோடு மூடியாச்சு, இப்பத்தான் எடுத்தது"ன்னு ஒருத்தர் போடுவார். அடுத்த நிமிஷம் அதையே பத்துக் குரூப்புல தள்ளிவிடுறீங்க. உடுமலைப்பேட்டைக்கு பூண்டு ஏத்திட்டுப் போறவரும், மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறவரும் அந்தப் படத்தை நம்பி வண்டியை நிறுத்திடுறாங்க. கடைசியில பார்த்தா, படம் நம்ம ஊரே இல்ல. இலங்கையில நுவரெலியா பக்கம் எடுத்ததா இருக்கும், இல்லன்னா மலேசியாவுல கேமரன் மலையா இருக்கும்.

இதுல ஏமாறுறது சுலபம். மூணு இடத்திலயும் அதே தேயிலைச் சரிவு, அதே வளைவு ரோடு, அதே கோபுரம் வச்ச மாரியம்மன் கோயில். கூடை சுமக்கிற கைகள்லயும் நம்ம சனம் உண்டு. மூணு நாட்டிலயும் வண்டி இடது பக்கம்தான் ஓடும், ஸ்டியரிங் வலது பக்கம்தான் இருக்கும். போர்டுல தமிழ் எழுத்து தெரிஞ்சா, "பார்த்தியா, நம்ம ஊருதான்"னு முடிவு கட்டிடாதீங்க. இலங்கையில ஊர்ப் பேரையும் பஸ் போர்டையும் சிங்களத்தோட தமிழ்லயும் எழுதுவாங்க.

வண்டியோட கம்பெனியைப் பார்த்தும் சொல்லிடாதீங்க. இலங்கை ரோடு முழுக்க அசோக் லேலண்ட் பஸ்ஸும், பஜாஜ் ஆட்டோவும், மாருதி காரும் ஓடுது. மலையும் மொழியும் வண்டியும் ஒண்ணா இருக்கிற இடத்துல, பிரிச்சுக் காட்டுறது வண்டியில தொங்குற அந்தத் தகடுதான். அதைப் பார்க்கிற விதத்தைச் சொல்றேன். எல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. ஆனா வரிசையை மாத்தாதீங்க.

1. முதல்ல நிறம். அதுலயும் முதுகுப் பக்கம்.

இந்தியாவுல ஒரு வண்டிக்கு முன்னாடி என்ன நிறமோ அதேதான் பின்னாடியும். சொந்த வண்டின்னா ரெண்டு பக்கமும் வெள்ளைத் தகட்டுல கறுப்பு எழுத்து. டாக்ஸி, ஜீப், லாரி, பஸ்ஸுன்னா ரெண்டு பக்கமும் மஞ்சத் தகட்டுல கறுப்பு எழுத்து. மின்சார வண்டிக்குப் பச்சைத் தகடு. அதுல சொந்த வண்டின்னா எழுத்து வெள்ளை, வாடகை வண்டின்னா மஞ்சள். நாமளே ஓட்டிட்டுப் போற வாடகைக் காருக்குக் கறுப்புத் தகட்டுல மஞ்ச எழுத்து.

இலங்கையில அப்படிக் கிடையாது. முன்னாடி வெள்ளை, பின்னாடி மஞ்சள். சொந்தக் காரா வாடகை வண்டியான்னு பார்க்காம எல்லாத்துக்கும் அதே கணக்கு. வெள்ளைக்காரன் ஊர்லயும் இன்னைக்கு வரைக்கும் இதே வழக்கம்தான். மலேசியாவுல ரெண்டு பக்கமும் கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து. அங்க டாக்ஸிக்கு மட்டும் தலைகீழா வெள்ளைத் தகட்டுல கறுப்பு எழுத்து, முதல் எழுத்து H. 2024லேர்ந்து மின்சாரக் காருக்கும் வெள்ளைத் தகடு வர ஆரம்பிச்சிருக்கு. அதனால ஒரே ஒரு வெள்ளைத் தகட்டைப் பார்த்துட்டு மலேசியா இல்லன்னு தள்ளிடாதீங்க.

இப்ப எல்லாரும் சறுக்குற இடத்தைச் சொல்றேன், கவனமாக் கேளுங்க. படத்துல ஒரு வேனோட பின்பக்கம் தெரியுது, மஞ்சத் தகடு. எதிர்ல வர்ற காரோட முன்பக்கம் தெரியுது, வெள்ளைத் தகடு. உடனே "முன்னாடி வெள்ளை, பின்னாடி மஞ்சள், இலங்கைதான்"னு குதிக்காதீங்க. நம்ம மறையூர் ரோட்டுலயும் இப்படித்தானே தெரியும்? வேன் டூரிஸ்ட் வேன், கார் சொந்தக் கார். ரெண்டு வேற வேற வண்டியைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது.

அப்ப என்ன செய்யணும்? ஸ்கூட்டர், பைக் இதுகளோட முதுகைத் தேடுங்க. நம்ம பக்கம் பைக்குன்னா அநேகமா எல்லாமே சொந்த வண்டி, பின்தகடு வெள்ளையாத்தான் இருக்கும். இலங்கையில பைக்குக்கும் பின்னாடி மஞ்சள். படத்துல ரெண்டு மூணு பைக் முதுகு காட்டி நிக்குது, எல்லாம் மஞ்சள்னா அது நம்ம மலை இல்ல. பைக் இல்லையா? வரிசையா நிக்கிற வண்டிகள்ல பளபளன்னு தெரியிற குடும்பக் கார்களோட முதுகைப் பாருங்க. எல்லா முதுகும் மஞ்சள், எல்லா முகமும் வெள்ளைன்னா சந்தேகமே வேண்டாம். எங்கயாவது ஒரே ஒரு மஞ்சத் தகடு முன்பக்கத்துல தெரிஞ்சா, கை இந்தியா பக்கம் நீளட்டும்.

நிறத்துல இன்னொரு தொந்தரவு உண்டு. சாயங்கால வெயில்லயும், மஞ்ச விளக்கு வெளிச்சத்துலயும், போன்ல போடுற ஃபில்டர்லயும் வெள்ளைத் தகடு மஞ்சளாத் தெரியும். அதே படத்துல கட்டாயம் வெள்ளையா இருக்க வேண்டிய ஒண்ணைத் தேடுங்க. ரோட்டுக் கோடு, வெள்ளை வேட்டி, வெள்ளைக் காரோட கதவு, எதுவா இருந்தாலும் சரி. அதுவும் மஞ்சளா இருந்தா, தகட்டோட மஞ்சளை நம்பாதீங்க.

2. எண்கள் எத்தனை இடத்துல இருக்குன்னு எண்ணுங்க.

படிக்க முடியலன்னு கையை விரிச்சிடாதீங்க. எழுத்து என்னன்னு தெரியாட்டாலும், எது எழுத்துக் கூட்டம், எது எண் கூட்டம்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். அதுவே பாதி விடை.

இந்தியத் தகட்டுல எண்கள் ரெண்டு இடத்துல இருக்கும். முதல்ல மாநிலத்துக்கு ரெண்டு எழுத்து, பிறகு வட்டார ஆபீஸுக்கு ரெண்டு எண், பிறகு ஒண்ணோ ரெண்டோ எழுத்து, கடைசியா நாலு எண். நம்ம தேவிகுளம் தாலுகா வண்டின்னா KL 68. இடுக்கின்னா KL 06, பாலக்காடுன்னா KL 09. பொள்ளாச்சியிலேர்ந்து ஏறி வர்ற வண்டி TN 41. அடிக்கடி ஊர் மாறுற உத்தியோகக்காரங்களுக்கு 2021லேர்ந்து BH வரிசை கொடுக்கிறாங்க. அதுல வருஷத்தோட ரெண்டு எண் முதல்ல வரும், அப்புறம் BH, அப்புறம் நாலு எண், கடைசியில எழுத்து. அதுலயும் எண்கள் ரெண்டு இடம்தான்.

இலங்கையோட இப்போதைய தகட்டுல எண்கள் ஒரே இடம்தான். இடது ஓரமா சின்னதா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு எழுத்து இருக்கும், அது மாகாணம். அடுத்து பெரிசா ரெண்டு அல்லது மூணு எழுத்து, ஒரு சின்னக் கோடு, நாலு எண். மாகாண எழுத்தே இல்லாத தகடும் ரோட்டுல உண்டு. அதனால அது இல்லன்னு தள்ளிடாதீங்க, எண் ஒரே இடத்துல இருக்கான்னு மட்டும் பாருங்க.

மலேசியாவுலயும் எண் ஒரே இடம். எழுத்துகள், பிறகு ஒண்ணுலேர்ந்து நாலு எண், பெரும்பாலும் அவ்வளவுதான். கேமரன் மலை பகாங் மாநிலத்துல இருக்கு, பகாங் வண்டி C-ல ஆரம்பிக்கும். கீழ தாப்பா, ஈப்போ பக்கம் பேராக் மாநிலம், அது A. கோலாலம்பூர்க்காரங்க W அல்லது V, ஜொகூர்க்காரங்க J. விடுமுறைக்கு சிங்கப்பூர்க் காரும் அங்க மலை ஏறும். அதுவும் பெரும்பாலும் கறுப்புத் தகடுதான். ஆனா S-ல ஆரம்பிச்சு, எண்ணுக்குப் பிறகு கடைசியில தனியா ஒரு எழுத்தோட முடியும். அந்த S-ஐயும் வால் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தாப் பிடிச்சிடலாம்.

இதுல ஒரு பெரிய பொறி இருக்கு. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து வண்டியில CP இருக்கும், மத்திய மாகாணம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் ஊவா மாகாணம், அதுல UP இருக்கும். UP-யைக் கண்டதும் "உத்தரப் பிரதேச வண்டி, வடக்கே எங்கயோ இமயமலை அடிவாரம்"னு கதை கட்டிடாதீங்க. UP-க்கு அடுத்தாப்ல ரெண்டு எண் வந்தா உத்தரப் பிரதேசம். எழுத்து வந்தா ஊவா. ரெண்டு எழுத்தைப் படிச்ச சந்தோஷத்துல மூணாவதைப் பார்க்காம விடுறவங்கதான் இங்க மாட்டிக்கிறாங்க.

3. நீள அகலம்.

இது விடை சொல்றதை விட, தப்பானதை ஒதுக்குறதுக்குத்தான் அதிகம் பயன்படும். நம்ம ஊர்ல காருக்கான நீளத் தகடு 500 மில்லிமீட்டருக்கு 120, அதாவது உயரத்தைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல. ஜீப், லாரி, பஸ்ஸோட கட்டைத் தகடு 340க்கு 200. பைக்கோட பின்தகடு 200க்கு 100, சரியா ரெண்டு மடங்கு. ஐரோப்பாக்காரங்க தகடு இன்னும் ஒல்லி, 520க்கு 110. அமெரிக்காவுல காருக்கும் நீளத் தகடு கிடையாது, 12 அங்குலத்துக்கு 6 அங்குலம். எல்லாக் காரும் இப்படிக் கட்டையான தகட்டோட நின்னா, தேயிலை இருக்கோ இல்லையோ, நம்ம நாடு இல்லன்னு புரிஞ்சுக்கலாம்.

அளக்கிறது எப்படி? போன்ல படத்தைப் பெரிசாக்கி, ஒரு ஸ்கேலைத் திரை மேலயே வைங்க. நீளத்தை உயரத்தால வகுத்துடுங்க. வண்டி சாய்வா நின்னா நீளம் குறைஞ்சு தெரியும், உயரம் அவ்வளவா மாறாது. அதனால நீங்க அளந்தது நிஜத்தை விடக் கம்மியா வரலாம், அதிகமா வராது. நாலு மடங்கு வந்துடுச்சுன்னா அது நீளத் தகடுதான், யோசிக்க வேண்டாம். ரெண்டரை வந்துச்சுன்னா அது சாய்வா நிக்கிற நீளத் தகடாவும் இருக்கலாம், அங்க முடிவு எடுக்காதீங்க. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவுல தீர்ப்புச் சொல்ல இந்த அளவு உதவாது. நீளத் தகடும், ரெண்டு வரி கட்டைத் தகடும் ரெண்டு நாட்டிலயும் உண்டு.

4. ஓரத்துல இருக்கிற குட்டி அடையாளம்.

2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த இந்திய வண்டிகள்ல உயர் பாதுகாப்புத் தகடு கட்டாயம். அதுல இடது மேல் மூலையில அசோகச் சக்கரம் போட்ட வெள்ளி நிறப் பொட்டு, 20 மில்லிமீட்டர் சதுரம். இடது ஓரத்துலயே நீல நிறத்துல IND. படம் மங்கலா இருந்தா இது எதுவும் படிக்க வராது. ஆனா எழுத்துகள் தகட்டோட நடுவுல இல்லாம, இடது ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டு ஆரம்பிக்கிறது தெரியும். அதுவே ஒரு துப்பு.

ஐரோப்பியத் தகட்டுல இடது ஓரம் மேலேர்ந்து கீழ வரைக்கும் முழு நீலப் பட்டை, அதுல வெள்ளை எழுத்து. நம்மதுல பட்டை கிடையாது, எழுத்து மட்டும்தான் நீலம். இந்தப் புதுத் தகடு வர்றதுக்கு முன்னாடி நம்ம பையன்க ஸ்டிக்கர் கடையில அழகுக்காக நீலப் பட்டை ஒட்டிட்டுத் திரிஞ்சாங்க. பழைய படத்துல அதைப் பார்த்து ஜெர்மனின்னு சொல்லிடாதீங்க, எண்கள் ரெண்டு இடத்துல இருக்கான்னு எண்ணிப் பாருங்க.

இப்ப ஒரு படத்தை வச்சுச் செஞ்சு பார்ப்போம். "மறையூர்–மூணாறு ரோடு, இன்னைக்குக் காலையில"ன்னு ஒரு படம் வந்திருக்குன்னு வைங்க. செம்மண் சரிஞ்சு கிடக்கு, மேல தேயிலை. நமக்கு முதுகு காட்டி ஒரு வேன், பின்தகடு மஞ்சள். எதிர்ல ஒரு கார், முன்தகடு வெள்ளை. தூரத்துல ஒரு சிவப்பு பஸ். ஓரமா ஒரு பைக் பாதி மறைஞ்சு நிக்குது. ரோட்டோரம் ஒரு ஆட்டோ, அதுவும் சிவப்பு.

வேனும் காரும் நமக்கு ஒண்ணும் சொல்லாது, அதைத்தான் மேலயே சொன்னேன். பைக்கைப் பெரிசாக்கிப் பார்க்கிறோம். பின்தகடு மஞ்சள். தராசு இலங்கைப் பக்கம் சாயுது. ஆனா அது பைக் டாக்ஸியா இருந்துட்டா? அதனால வேனோட தகட்டுக்குப் போறோம். படிக்க முடியல, ஆனா இடது ஓரத்துல அடுக்கா சின்னதா ஏதோ ரெண்டு எழுத்து, அப்புறம் ரெண்டு பெரிய எழுத்து, நடுவுல கோடு, பிறகு எண். எண் ஒரே இடத்துல. நம்ம ஊர் வேன்ல மாநில எழுத்தை ஒட்டி ரெண்டு எண் இருந்தாகணும், அது இங்க இல்ல. பெரிய எழுத்துல முதலாவது P மாதிரி தெரியுது. இலங்கையில வேனுக்கு P வரிசை, பஸ்ஸுக்கு N, லாரிக்கு L, காருக்கு K அல்லது C. எல்லாம் பொருந்துது. சிவப்பு ஆட்டோவும் அதோட ஒத்துப் போகுது. நம்ம கேரளா பக்கம் ஆட்டோ கறுப்பும் மஞ்சளுமா இருக்கும், தமிழ்நாட்டுல மஞ்சள். ஓரத்து அடுக்கு எழுத்து CPன்னு தெளிஞ்சா நுவரெலியா, கண்டி பக்கத்து வண்டி. தெளியலன்னா இலங்கைங்கிறதோட நிறுத்திக்கோங்க. ஊர்ப் பேரை நீங்களா சேர்க்காதீங்க.

வீடியோன்னா இன்னும் நல்லது. ஓட்டத்துல பார்க்காதீங்க, நிறுத்தி நிறுத்திப் பாருங்க. ஒரு நொடியில முதல் எழுத்து தெளியும், அடுத்த நொடியில கடைசி எண் தெளியும், ரெண்டையும் சேர்த்து எழுதிக்கோங்க. B-யா 8-ஆன்னு குழப்பம் வந்தா, அது நிக்கிற இடம் எழுத்துக்கான இடமா எண்ணுக்கான இடமான்னு பார்த்தாலே தீர்ந்துடும். எழுத்து இடவலமா மாறித் தெரிஞ்சா, செல்ஃபி கேமராவுல எடுத்தது. முதல்ல படத்தைத் திருப்பிட்டு அப்புறம் ஆரம்பிங்க. இல்லன்னா வண்டி வலது பக்கம் ஓடுற மாதிரி தெரிஞ்சு, வேற கண்டத்துக்கே போயிடுவீங்க.

பழைய படம்னா தனிக் கணக்கு.

தாத்தா காலத்துப் படத்துல ஜீப்போட தகடு கறுப்பா, எழுத்து வெள்ளையா இருந்தா மலேசியான்னு எழுதி வைக்காதீங்க. இந்தியாவுலயும் முன்னாடி சொந்த வண்டிக்குக் கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்துதான். வாடகை வண்டிக்கு வெள்ளைத் தகடு. 2000ஐ ஒட்டிய வருஷங்கள்லதான் இப்ப இருக்கிற நிறத்துக்கு மாறுச்சு. இன்னும் பின்னாடி, 1989 ஜூலையில புது மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வர்றதுக்கு முன்னாடி, மூணு எழுத்தும் நாலு எண்ணும்தான். கேரளாவுல K-ல ஆரம்பிக்கிற மூணு எழுத்து. அதாவது கறுப்புத் தகடு, மூணு எழுத்து, ஒரே இடத்துல எண். அப்படியே மலேசியாத் தகடு மாதிரி! இந்த இடத்துல தகடு மட்டும் போதாது. வண்டி அம்பாசடரா, பிரீமியர் பத்மினியான்னு பாருங்க. பழைய படத்துக்கு மட்டும் வண்டியோட கம்பெனி கை கொடுக்கும், ஏன்னா அந்தக் காலத்துல அம்பாசடர் ஓடினது பெரும்பாலும் நம்ம நாட்டுக்குள்ளதான்.

இலங்கைப் பழைய படத்துக்கு இதை விடத் தெளிவான அடையாளம் உண்டு. ரெண்டு எண் கூட்டத்துக்கு நடுவுல வட்ட வட்டமா வளைஞ்ச சிங்கள 'ஸ்ரீ' எழுத்து. 1957 ஜனவரியில இங்கிலீஷ் எழுத்தை எடுத்துட்டு இதைக் கொண்டு வந்தாங்க. வடக்குலயும் கிழக்குலயும் தமிழ் ஆளுங்க அதை ஏத்துக்கல, தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்துச்சு. 1958 மார்ச்சுல சிங்கள ஸ்ரீ போட்ட அரசாங்க பஸ்ஸுகளை வடக்கே அனுப்பினப்ப, அந்த எழுத்து மேல தார் பூசினாங்க. சிலர் தகட்டுல தமிழ் ஸ்ரீயை எழுதிட்டு வண்டி ஓட்டினாங்க. பதிலுக்குத் தெற்குல தமிழ்ப் பலகைகள் மேல தார் பூசினாங்க. அதே வருஷம் மே மாசம் கலவரம் வெடிச்சுச்சு. அதனால தகட்டுல தமிழ் ஸ்ரீயோ, அந்த எழுத்து இருந்த இடத்துல தார்த் திட்டோ தெரியிற கறுப்பு வெள்ளைப் படம் கைக்கு வந்தா, அது ஏதோ அழுக்குன்னு துடைச்சுச் சரி பண்ணப் போகாதீங்க. அந்தப் படத்துக்கு நாடும் காலமும் சொல்றதே அந்தத் திட்டுதான். தாயகம் திரும்பிய குடும்பங்கள் நம்ம மலைகள்ல நிறைய இருக்காங்க, அவங்க வீட்டு ஆல்பங்கள்ல ஸ்ரீ தகடு போட்ட பஸ்ஸும் லாரியும் இருக்கலாம். தேதி எழுதாத படமா இருந்தா இதை வச்சுக் குறிச்சு வைங்க.

கடைசியா, தகட்டால ஆகாத காரியம்.

தகடு சொல்றது வண்டி பதிவான இடத்தை. படம் எடுத்த இடத்தை இல்ல. சனி ஞாயிறுல காந்தலூர்ல வந்து நின்னு பாருங்க, TN வண்டி எத்தனை நிக்குதுன்னு. அந்தப் படத்தைப் பார்த்து ஒருத்தர் "தமிழ்நாடு"ன்னு சொன்னா, தப்பு தகட்டுல இல்ல, சொன்னவர்கிட்ட இருக்கு. மாநிலம் சொல்லணும்னா மூணு நாலு வண்டி பாருங்க. ஆட்டோ, பால் வண்டி மாதிரி உள்ளூரை விட்டு நகராததைப் பாருங்க. டூரிஸ்ட் காரை நம்பாதீங்க. நாடுன்னு வந்தா இந்தச் சிக்கல் குறைவு. கடலைத் தாண்டி இலங்கைக் கார் நம்ம மலைக்கு ஏறி வர வழி இல்ல, அதனால இலங்கைத் தகடுன்னா இலங்கைதான். மலேசியாவுக்கு ரோட்டு வழியாவே சிங்கப்பூர், தாய்லாந்து வண்டிகள் போகும், அங்க ஒரே வண்டியை வச்சுச் சொல்லாதீங்க.

தேதியையும் தகடு சொல்லாது, "இதுக்கு முன்னாடி இல்ல"ன்னு மட்டும்தான் சொல்லும். BH தகடு தெரிஞ்சா படம் 2021க்கு முந்தினது இல்ல. பச்சைத் தகடு தெரிஞ்சா 2018க்கு முந்தினது இல்ல. தகடு KL 68 தான், ரோடு மறையூர் ரோடுதான், ஆனா சரிவு போன வருஷம் நடந்ததுன்னா? அதைத் தகட்டுல தேடாதீங்க, மறையூர்ல இருக்கிற யாருக்காவது போன் போட்டுக் கேளுங்க.

படத்தை ஆராய்ஞ்சு முடிச்சு குரூப்புல சொல்லும்போது, வண்டி நம்பரை முழுசா எழுதாதீங்க. முதல் எழுத்தும் நிறமும் சொன்னாப் போதும். முழு நம்பர் போட்டா வண்டிக்காரரோட பேரைத் தேடிப் போற ஆளுங்க இருக்காங்க, சரிவுல மாட்டி நிக்கிற மனுஷனுக்கு அது வேண்டாத தொல்லை. நீங்களே படம் எடுத்துப் போடுறதா இருந்தா, கடைசி நாலு எண்ணை மறைச்சுட்டுப் போடுங்க. மாநில எழுத்தையும் தகட்டோட நிறத்தையும் மறைக்காதீங்க, அடுத்தவங்க சரி பார்க்கிறதுக்கு அதுதான் வேணும்.